தண்டனை இல்லாத ஏழு நாட்கள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குச் சிவக்கும், பிறகு வாய் திறக்கும், மூளை கடைசியாகத்தான் வேலைக்கு வரும். இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன், இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை. என் மாணவர்களுக்கும் இது தெரியும். மூக்கைப் பார்த்தே வகுப்பை அமைதியாக்கி விடுவார்கள்.

அந்தத் தவணையில் பன்னிரண்டாம் தரத்துக்கு நான் கொடுத்த ஒப்படையின் தலைப்பு, 'எங்கள் கடற்கரை'. முப்பத்தாறு பேர் எழுதித் தந்தார்கள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, குசினி மேசையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தேன். ஐந்தாவது தாளுக்குள் மூன்று பிள்ளைகள் 'இயற்கை அன்னையின் எழில்மிகு கொடையாக' என்று தொடங்கியிருந்தார்கள். எட்டாவது தாளில் எங்கள் கடற்கரையில் பனி மூடிய பாறைகள் இருந்தன. கல்முனைக் கரையில் கல் என்று இருந்தால் அது கடலரிப்பைத் தடுக்க லொறியில் கொண்டுவந்து கொட்டியது. பனியை நாங்கள் ஐஸ் பெட்டிக்குள்தான் பார்த்திருக்கிறோம்.

பதினான்காவது தாள்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. அழகான கையெழுத்து, மூன்று பக்கம், முடிவுரையும் இருந்தது. முடிவுரைக்குக் கீழே அதே அழகான கையெழுத்தில், அடிமட்டம் வைத்துக் கோடும் போட்டு, 'இதை இன்னும் சுருக்கித் தரட்டுமா?' என்று எழுதியிருந்தது. கைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்ததை ஒரு சொல் விடாமல் பார்த்து எழுதிய அந்தப் பிள்ளையின் பொறுமைக்கே தனியாகப் புள்ளி போட வேண்டும்.

முப்பத்தாறில் ஒன்றே ஒன்று என் மனதைக் குளிர வைத்தது. சாய்ந்தமருதிலிருந்து வரும் ஒரு மீனவர் வீட்டு மகள் எழுதியது. அமைதியான பிள்ளை. அடுத்த மாதம் தலைமை மாணவத் தலைவியாகச் சின்னம் சூட்டப்பட இருந்தவள். அவளுடைய கட்டுரையின் இரண்டாவது பக்கத்தில், அலை கரையிடம் ஓயாமல் மன்னிப்புக் கேட்பதாக ஒரு பந்தி இருந்தது. அதன் ஓரத்தில் 'மிக அருமை' என்று சிவப்பு மையால் எழுதினேன். மறுநாள் காலைக் கூட்டத்தில் அந்தப் பந்தியை ஒலிவாங்கியில் வாசித்தும் காட்டினேன். வாசிக்கும்போது என் குரல் தழுதழுத்தது என்று பிறகு சக ஆசிரியைகள் சொல்லிச் சிரித்தார்கள்.

மற்ற தாள்களைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் ஓய்வறைக்குப் போய், "எல்லாத்துக்கும் பூச்சியம்!" என்று மேசையில் போட்டேன்.

கணினி படிப்பிக்கும் சேர் அங்கே இருந்தார். பாண்டிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர், என்னைவிடப் பதினைந்து வயது குறைவு, நான் கத்தினால் அவர் குரல் இன்னும் இறங்கும்.

"ஆர் செய்த, ஆர் செய்யல்ல எண்டு எப்பிடி டீச்சர் காட்டுவீங்க?" என்று கேட்டார்.

"அதுக்கு ஒரு வலைத்தளம் இரிக்காமே. போட்டா நூற்றுக்கு இவ்வளவு எண்டு சொல்லுமாமே."

"போட்டுப் பாப்பமே."

நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த முதல் வருடம் பாடசாலைச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை ஒன்று அலுமாரியில் கிடந்தது. குறும்புக்கு அதைத்தான் முதலில் தட்டிப் போட்டார். பெரும்பகுதி இயந்திரம் எழுதியது என்று வந்தது. பிறகு 'சுருக்கித் தரட்டுமா' தாளைப் போட்டார். மனிதர் எழுதியது என்று வந்தது. ஓய்வறையே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை, என் மூக்கு அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"இத நம்பி ஒரு புள்ளைக்குக் கள்ளன் எண்டு பட்டம் குடுக்கேலா டீச்சர்," என்றார் அவர். "ஆங்கிலத்திலயே பிழையாச் சொல்லும். தமிழுக்கு இன்னும் மோசம். புள்ளைகளே வந்து சொல்லுற மாதிரி ஒரு வழி செய்வம்."

அவர் சொன்ன வழி எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஏழு பாடசாலை நாட்கள் ஒதுக்குவது. இந்தத் தவணையில் தந்த ஒப்படைகளில் எதையாவது செயலியிடம் எழுதுவித்திருந்தால், அந்த நாட்களுக்குள் ஒரு படிவத்தில் எழுதி, உறையிலிட்டு, அலுவலக வாசலில் வைக்கும் பெட்டியில் போடலாம். சொன்னவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் சும்மா விடுவதும் இல்லை. அவர் எங்களோடு பதினைந்து நிமிடம் உட்கார்ந்து தன் ஒப்படையைப் பற்றிக் கதைக்க வேண்டும், பிறகு வகுப்பில் வைத்தே அதை ஒரு பக்கமாகத் திரும்ப எழுத வேண்டும். அந்தப் பக்கத்துக்கு முழுப் புள்ளியும் எடுக்கலாம். ஏழு நாள் முடிந்தால் வழமையான சட்டம். அப்போதும் வலைத்தளத்தின் பேச்சைக் கேட்டு யாரையும் பிடிப்பதில்லை. சந்தேகம் வந்தால் பிள்ளையின் முதற்பிரதியைக் கேட்பது, இருத்திக் கதைப்பது, அவ்வளவுதான்.

"அப்ப உண்மையா எழுதின புள்ளைக்கு என்ன லாபம்?" என்று கேட்டேன்.

"அவங்கட தாளை நீங்க சந்தேகத்தோட வாசிக்க மாட்டீங்க. அது லாபமில்லையா?"

இருவருமாக அதிபரிடம் போனோம். அவர் அதிகம் கதைக்காத மனுசி. நாங்கள் எழுதிக் கொண்டுபோன தாளை இரண்டு முறை வாசித்து, இரண்டு இடத்தில் கை வைத்தார். அரசாங்கப் பரீட்சைக்குக் கணக்கில் போகிற வேலைகளுக்கு இந்த வாக்குப் பொருந்தாது என்று சேர்க்கச் சொன்னார். அது எங்கள் கையில் இல்லாத விசயம், இல்லாததை வாக்களிக்கக் கூடாது. படிவத்தை நாங்கள் இருவர் மட்டும்தான் வாசிக்க வேண்டும், வேறு ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ பெயர் போகக் கூடாது என்பது இரண்டாவது. இதற்கெல்லாம் கீழே 'எந்தத் தண்டனையும் இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். அதிபர் கையொப்பம் வைத்தார். அறிவித்தல் பலகையில் ஒட்டினோம்.

அந்தக் கிழமைதான் எங்கள் பிரதி அதிபர் ஹஜ்ஜுக்குப் புறப்பட ஆயத்தமானார். எங்கள் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்கு மன்னிப்பு. அவர் என்ன பிழை என்று சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. பிரதி அதிபர் ஓய்வறையில் கதிரை கதிரையாக வந்தார்.

"டீச்சர், ஏதும் பிழை விட்டிருந்தா மாப்புப் பண்ணுங்க."

"மாப்புத்தான் சேர். நீங்களும் பண்ணுங்க, அங்க போய்த் துஆக் கேக்கக்குள்ள என்ன மறந்திராதீங்க."

வகுப்பு வகுப்பாகவும் போய்ப் பிள்ளைகளிடம் கேட்டார். இருபது வருடமாகப் பிரம்போடு திரிந்த மனுசன் வாசலில் நின்று மாப்புக் கேட்டதைப் பார்த்துச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த நாள் எங்கள் பெட்டியைத் திறந்தோம்.

மாணவத் தலைவர் தேர்தலுக்குப் பாவிக்கும் மரப்பெட்டிதான் அது. இரண்டு நாளில் தொண்டை வரை நிறைந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோசம். முதல் உறையைப் பிரித்தேன். 'மதிப்புக்குரிய டீச்சருக்கு, நான் தெரிந்தோ தெரியாமலோ ஏதும் பிழை செய்திருந்தால் மாப்புச் செய்யவும்.' இரண்டாவது உறையிலும் அதுதான். ஒன்பதாவது உறையில் ஒருவன் தன் முழு வகுப்பின் சார்பிலும் மாப்புக் கேட்டிருந்தான். கைபேசியே இல்லாத ஒரு பிள்ளையும் கேட்டிருந்தது. எங்கள் சிற்றுண்டிச்சாலைக்காரரும் கேட்டிருந்தார், அவர் விற்கும் ரோல்ஸுக்காக இருக்கும்.

கணினி சேர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். "டீச்சர், இதென்ன இது?"

"இது ஹஜ்ஜுக்குப் போற மாப்பு," என்றேன். "கோயிலுக்குப் போற உங்களுக்கு விளங்காது."

பிழை பிள்ளைகளிலும் இல்லை, பழக்கத்திலும் இல்லை. எங்கள் படிவத்தில் நாங்கள் விட்டிருந்தது நான்கு வெற்றுக் கோடுகள். வெற்றுக் கோட்டைக் கண்டால் மனிதர் தெரிந்ததைத்தான் எழுதுவார்கள். பன்னிரண்டாம் தரத்துக்குப் போய்ப் பெட்டியை மேசையில் கவிழ்த்தேன்.

"பக்கத்து ஊட்டுக்காரர் உங்கட வேலிய உடைச்சிப் போட்டு, 'ஏதும் பிழையிருந்தா மாப்பு' எண்டு கேட்டா நீங்க குடுப்பீங்க. நல்ல பழக்கம், நானும் குடுப்பன். ஆனா வேலி ஆரு கட்டுற? எந்த இடத்தில உடைஞ்ச எண்டு சொன்னாத்தானே கட்டலாம்? எனக்கு மாப்புக் கேக்கத் தேவல்ல புள்ளையள். எந்த இடம் எண்டு சொல்லுங்க."

அன்றே படிவத்தை மாற்றினோம். எந்த ஒப்படை? செயலி செய்தது என்ன: முழுவதுமா, சில பந்திகளா, யோசனை மட்டுமா, பிழை திருத்தம் மட்டுமா? அதனிடம் என்னவென்று கேட்டீர்கள்? அதன் பிறகு நீங்கள் எதை மாற்றினீர்கள்? செயலியின் பகுதிகளுக்குத் தாளில் பென்சிலால் கோடு போடுங்கள். கடைசிக் கேள்வி: இப்போது இதை நீங்களே செய்து காட்ட முடியுமா? அதோடு 'நான் எதுவும் பாவிக்கவில்லை' என்று ஒரு கட்டமும் வைத்தோம், முழு வகுப்பும் உறை போட வேண்டும் என்றோம். அப்படியென்றால் உறை போடுவதை வைத்து யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது. அலுவலக வாசலில் எல்லோர் கண்ணும் படும் இடத்தில் இருந்த பெட்டியையும் தூக்கி நூலகத்தின் உள் மூலையில் வைத்தோம். இரண்டு நாள் வீணாகிவிட்டதால் முடிவு நாளை இரண்டு நாள் தள்ளி, அதையும் எழுதி ஒட்டினோம்.

அதற்குப் பிறகு வந்த உறைகள்தான் உறைகள். 'முழுவதும் அதுதான் எழுதியது, நான் "எங்கள் கடற்கரை, மூன்று பக்கம், டீச்சர் கோபக்காரி" என்று மட்டும் அடித்தேன்' என்று ஒருவன். 'முதல் பந்தியை நான் எழுதினேன், அதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது, மிச்சத்தை அதனிடம் கொடுத்தேன்' என்று ஒருத்தி. 'சுருக்கித் தரட்டுமா' பிள்ளை மட்டும் ஒரே வரியில், 'டீச்சருக்கு ஏற்கனவே தெரியும்' என்று எழுதியிருந்தது. நான் வயிறு நோகச் சிரித்தேன்.

கதைக்க உட்கார்ந்தபோது எனக்குள் இருந்த கோபம் மெல்ல மெல்லக் கரைந்தது. பதினைந்து நிமிடம் போதும். பனி மூடிய பாறை எழுதியவனிடம் கடற்கரையில் நேற்று என்ன கண்டாய் என்று கேட்டால், கரையில் நின்று மாயாவலை என்ற பெருவலையை இழுக்கும் ஆட்கள் கைபேசிப் பாட்டுக்குக் கால் மாற்றுவதைச் சொல்லிச் சொல்லி முடிக்க மாட்டான். "இத எழுதலாமே மனே" என்றால், "இதெல்லாம் கட்டுரையில எழுதுவாங்களா டீச்சர்?" என்று கேட்பான். அந்தக் கேள்வியை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசி நாள், கடைசி மணிக்குப் பிறகு ஓய்வறையில் உறைகளைப் பிரித்தேன். நூலகத்தில்தான் பிரிக்க வேண்டும், அது எங்கள் சொந்த விதி. ஆனால் நூலகத்தில் மின்விசிறி வேலை செய்யவில்லை. மூன்றாவது உறையில் அவள் பெயர் இருந்தது. காலைக் கூட்டத்தில் என் குரலைத் தழுதழுக்க வைத்தவள். 'முழுவதும்' என்ற இடத்தில் சரி போட்டிருந்தாள்.

எனக்குள் என்னவோ அறுந்தது. மற்றப் பிள்ளைகள் ஏமாற்றியபோது வந்தது கோபம். இது வேறு. முழுப் பாடசாலைக்கும் முன்னால் என்னை அழவைத்துவிட்டாள் என்ற அவமானம் இது. மூக்கு, பிறகு வாய்.

"இவளுமா!" என்று கத்தினேன். பெயரையும் சேர்த்துத்தான் கத்தினேன்.

திரும்பினால், பிரதி அதிபர் தன் மேசையைப் பூட்டிக்கொண்டு நிற்கிறார். மறுநாளிலிருந்து அவருக்கு லீவு, ஹஜ்ஜுக்கு.

"தலைமை மாணவத் தலைவியா வாற புள்ளையா?" என்று கேட்டார்.

அப்போதுதான் மூளை வேலைக்கு வந்தது. வந்து என்ன செய்ய? இருவர் மட்டும் வாசிப்போம் என்று எழுதி ஒட்டியவள் நான். வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியாது என்று வருடா வருடம் படிப்பிப்பவளும் நான்தான்.

பிரதி அதிபர் கெட்ட மனுசன் இல்லை. அவர் கதைத்ததில் ஒரு நியாயமும் இருந்தது. "புள்ளியில கை வைக்க வேணாம். நீங்க எழுதினபடி இருக்கட்டும். ஆனா சின்னம் வேற விசயம் டீச்சர். அது புள்ளைகளுக்கு முன்மாதிரியா நிக்கிற ஆளுக்குக் குடுக்கிற மரியாதை. குடுக்காம விட்டா அது தண்டனையில்ல. போகமுந்தி நான் அதிபரிட்டச் சொல்லிட்டுத்தான் போவன்."

நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அரை நிமிடம் எனக்கு அது இனித்தது. நான் ஒன்றும் செய்யாமலே அவளுக்கு ஒரு அடி விழுகிறது, என் வாக்கும் எழுத்தளவில் உடையாமல் இருக்கிறது. அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காது.

பிரதி அதிபர் வெளியே போக, கணினி சேர் உள்ளே வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டீச்சர், அந்தப் புள்ள ஒண்டும் சொல்லாம இருந்திருந்தா அடுத்த மாசம் சின்னம் கிடைச்சிருக்கும்," என்றார். "சொன்னதால இல்லாமப் போனா, அது தண்டனை இல்லாம வேற என்ன? நாளைக்கு முழுப் பாடசாலையும் ஒண்டத்தான் படிக்கும். வாயத் திறக்காம இருக்கிறவன்தான் கெட்டிக்காரன் எண்டு."

நான் எழுந்து அதிபரின் அறைக்குப் போனேன். பிரதி அதிபர் ஏற்கனவே அங்கே இருந்தார்.

"சேர்," என்றேன், "போன கிழமை நீங்க எனக்கிட்ட மாப்புக் கேட்டீங்க. நான் என்ன சொன்ன?"

"மாப்புத்தான் எண்டு சொன்னீங்க."

"அதச் சொல்லிப்போட்டு, 'ஆனா இனி உங்களோட ஒரே ஓய்வறையில இருக்க மாட்டன், அது கோபமில்ல, என்ட மரியாதை' எண்டு சொல்லியிருந்தா, நான் மாப்புத் தந்ததா நீங்க எடுப்பீங்களா? அந்த மனத்தோட ஹஜ்ஜுக்குப் போவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

"நீங்களும் நானும் ஏதும் பிழை எண்டு மொத்தமாக் கேட்டு மொத்தமாக் குடுத்தம். இந்தப் புள்ள எந்தப் பக்கம், எந்தப் பந்தி எண்டு கோடு போட்டுத் தந்திரிக்கி. ஒருத்தரும் சந்தேகப்படாமலே. எங்கள்ள எத்தின பேருக்கு அந்தத் தைரியம் இரிக்கி? முன்மாதிரி எண்டு வேற எதச் சொல்லுற?"

பிரதி அதிபர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்த டீச்சரோட கதைச்சி வெல்லேலா," என்று சிரித்தார். "நான் ஒண்டும் கேக்கல்ல. எனக்கு ஒரு பேரும் தெரியாது."

அதிபர் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அவருக்குப் பேர் தெரியாது. சரி. அது அவருக்கு எப்பிடித் தெரிய வந்த?" என்று கேட்டார்.

"என்ட வாயால."

"அப்ப அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்ல வேண்டியது நீங்க." அவ்வளவுதான் அவர் சொன்னது. பலகையில் ஒட்டிய தாளில் 'எந்தத் தண்டனையும் இல்லை' என்பதற்குக் கீழே, 'புள்ளியிலும் இல்லை, பதவியிலும் இல்லை' என்று அவரே எழுதி இன்னொரு கையொப்பம் வைத்தார்.

மறுநாள் அவளுடைய பதினைந்து நிமிடம். நூலகத்தில், வேலை செய்யாத மின்விசிறிக்குக் கீழே, கணினி சேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவளுடைய கட்டுரை மேசையில் இருந்தது. என் சிவப்பு மையும் அவளுடைய பென்சில் கோடுகளும் ஒரே தாளில் கிடந்தன. படிவத்தில் அவள் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தாள். செயலியிடம் 'அழகான நடையில் எழுது' என்று கேட்டதாகவும், நடுவில் தன்னுடைய வரிகள் சிலவற்றைச் சேர்த்ததாகவும் இருந்தது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அலை மன்னிப்புக் கேட்கும் பந்தியின் ஓரத்தைப் பார்த்தேன். முழுப் பந்திக்கும் பென்சில் கோடு. அதன் மேல் என் 'மிக அருமை'.

"அது அதுதான் எழுதின டீச்சர்," என்றாள் மெதுவாக.

தாளைப் புரட்டினேன். கோடு, கோடு, கோடு. மூன்றாம் பக்கத்தின் நடுவில் நான்கு வரிக்கு மட்டும் பென்சில் கோடு இல்லை. அந்த நான்கு வரிகள் இவை:

'எங்கள் வாப்பா கடலிலிருந்து வந்தால் உடனே கதைக்க மாட்டார். உம்மா தேத்தண்ணி கொடுப்பா, ஒன்றும் கேட்க மாட்டா. அவர் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தத்தில் மீன் பட்டதா இல்லையா என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிறகுதான் நாங்கள் பாடசாலைக்குப் போவோம்.'

பென்சில் கோடு இல்லை. ஆனால் சிவப்புக் கோடு இருந்தது, குறுக்காக, நான்கு வரிக்கும் சேர்த்து. ஓரத்தில் என் கையெழுத்து: 'தலைப்புக்கு அவசியமில்லை.'

நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"நான் போன வருசமும் இப்பிடித்தான் எழுதின டீச்சர். எங்கட ஊட்டப் பத்தி. அதயும் நீங்க வெட்டின. அதான் இந்த முறை அதுக்கிட்டக் கேட்ட. உங்களுக்குப் புடிக்கிற மாதிரி அதுக்கு எழுதத் தெரியும்."

அவள் குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கணினி சேர் எழுந்து, ஏதோ அவசரம் போல, புத்தக அலுமாரிப் பக்கம் போனார். நல்ல மனுசன்.

எனக்கு வாயில் வந்த முதல் வார்த்தை, 'ஏதும் பிழை விட்டிருந்தா' என்பதுதான். பாதியில் நிறுத்தினேன். ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினேன். எந்த ஒப்படை: எங்கள் கடற்கரை. எந்தப் பகுதி: மூன்றாம் பக்கம், நடுவில் நான்கு வரி. செய்தது என்ன: வாசிக்காமல் வெட்டினேன். அதற்குக் கீழே இரண்டாவது பிழை: உன் பெயரை ஓய்வறையில் சத்தமாகச் சொன்னேன், இன்னொருவர் கேட்டார், சின்னத்துக்கு ஒன்றும் ஆகாது. கையொப்பமும் வைத்து அவளிடம் நீட்டினேன்.

"மாப்புத்தான் டீச்சர், மாப்புத்தான்," என்று வாசிக்காமலே அவசரமாகச் சொன்னாள்.

"அப்பிடியில்ல. வாசிச்சிப்போட்டுச் சொல்லு."

வாசித்தாள். ஓய்வறை விசயம் வந்ததும் முகம் சுருங்கியது. அவள் விரல் அதைத் தாண்டிப் படிவத்தின் கடைசி வரியில் போய் நின்றது.

"கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதல்லயே டீச்சர்," என்றாள். தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் வாயின் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

கடைசிக் கேள்வி: இப்போது இதை நீங்களே செய்து காட்ட முடியுமா?

அவளிடம் அனுமதி கேட்டேன். யோசித்து, "பேரச் சொல்ல வேணாம்" என்றாள். ஞாயிறு கழிந்து வந்த காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் போய், நான் ஒரு தாளில் நான்கு வரியை வெட்டினேன் என்றும், அந்த நான்கு வரிகள் இவை என்றும் சொல்லி வாசித்தேன். இந்த முறை குரல் தழுதழுக்கவில்லை. கோப்பையின் சத்தம் வந்த இடத்தில் ஆண்கள் வரிசையில் யாரோ, "ஓம், எங்கட ஊட்டயும் அப்பிடித்தான்," என்றான். அவன் ஒருவன் மட்டுமில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக எத்தனையோ தலைகள் ஆடின, சின்ன வகுப்புத் தலைகளும்தான்.

நான் மருதமுனை நெசவுக் குடும்பம். எங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் தறிச் சத்தம். இருபத்திரண்டு வருடம் இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், அந்தக் கோப்பைச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் ஒவ்வொரு நாளும் என் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எத்தனை தாள்களில் அதை வெட்டினேன் என்று சொல்ல முடியவில்லை. எந்தப் பக்கம், எந்த வரி என்று எழுத, அந்தத் தாள்கள் ஒன்றும் இப்போது என்னிடம் இல்லை.